வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம்: ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அடைத்து, பயணச் சிம்மில் திறப்பது எப்படி

வெளிநாட்டு டவர் வழியாக சிம் டேட்டா எடுக்க அனுமதிப்பதுதான் டேட்டா ரோமிங். அது போன் முழுவதற்கும் ஒரே சுவிட்ச் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. போனில் இரண்டு சிம் இருந்தால் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஊர் சிம்மில் அது அணைந்திருக்க வேண்டும், பயணத்துக்கு வாங்கிய இ-சிம்மில் போட்டிருக்க வேண்டும். இ-சிம் என்பது அட்டையாக இல்லாமல் நெட் வழியாக போனுக்குள் இறக்கிக்கொள்ளும் சிம். இரண்டையும் அணைத்தவர் வெளிநாட்டு விமான நிலையத்தில் நெட் இல்லாமல் நிற்கிறார். இரண்டையும் போட்டவருக்கு அடுத்த மாதம் பில் வருகிறது.

கீழே வரும் படிகளுக்கு ஓர் உதாரணப் பயணத்தை எடுத்துக்கொள்வோம்: சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கே நான்கு நாள். பிறகு பஸ்ஸில் ஜொகூர் பாரு வழியாக மலேசியா, மூன்று நாள். ஊர் சிம் ஒரு இந்திய போஸ்ட்பெய்டு எண், சாதாரண நானோ சிம். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வேறு நாட்டுக்குப் போனாலும் வரிசை இதுதான்.

## 1. போன் இ-சிம் ஏற்குமா என்று பாருங்கள்

டயல் பேடில் `*#06#` அடியுங்கள். வரும் பட்டியலில் IMEI எண்களோடு EID என்று ஒரு நீளமான எண் இருந்தால் போனில் இ-சிம் வசதி இருக்கிறது. இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கில்லை, போன இடத்தில் சாதாரண சிம் வாங்கிக்கொள்ளலாம். மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐபோனில் XS, XR காலத்திலிருந்தே இ-சிம் உண்டு என்றாலும், சீனாவில் விற்ற ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. உறவினர் வாங்கி வந்த போன் என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

அடுத்து, போன் ஒரு நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கக் கூடாது. ஐபோனில் Settings > General > About போய் Carrier Lock என்ற வரியைப் பாருங்கள். No SIM restrictions என்று இருந்தால் சரி. வெளிநாட்டில் தவணைத் திட்டத்தில் வாங்கிய போன்களில்தான் இந்தப் பூட்டு அதிகம்.

உங்கள் ஊர் எண்ணே இ-சிம்மாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபோன் 13 முதல் இரண்டு இ-சிம்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அதற்கு முந்தைய ஐபோன்களில் ஒரு நேரத்தில் ஒரு இ-சிம்தான். அங்கே பயண இ-சிம்மைப் போட்டால் ஊர் எண் அணைந்துவிடும், ஓடிபியும் நின்றுவிடும்.

## 2. ஊர் சிம்மை ஓடிபிக்காக உயிரோடு வைத்திருங்கள்

இங்கேதான் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. இன்டர்நேஷனல் ரோமிங் என்பது உங்கள் ஊர் நிறுவனம் தரும் சேவை. அது இருந்தால்தான் உங்கள் சிம் வெளிநாட்டு டவரில் பதிவாகும், எஸ்எம்எஸ் வரும். டேட்டா ரோமிங் என்பது உங்கள் போனுக்குள் இருக்கும் சுவிட்ச். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். பில்லுக்குப் பயந்து முதலாவதையே நிறுத்திவிட்டால், சிங்கப்பூரில் உட்கார்ந்து ஆன்லைனில் கார்டில் பணம் கட்டப் போய் வராத ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் சேவையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேக் எதுவும் போடாமல் எஸ்எம்எஸ் மட்டும் வருமா? வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா? வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஊரில் வரும் அழைப்பு இலவசம், ரோமிங்கில் எடுக்கும் அழைப்புக்குக் காசு. கடன் அட்டை விற்கக் கூப்பிடுபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும் அந்தக் கட்டணம்தான்.

எடுக்காத அழைப்பிலும் ஒரு பொறி உண்டு. உங்கள் எண்ணில் கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால், எடுக்காத அழைப்பு சிங்கப்பூர் வரை வந்து, அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்குத் திரும்பும். போகவும் வரவும் என இரண்டு கட்டணம் விழலாம். கிளம்பும் முன் ஊரிலேயே `##002#` அடித்து டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் யுபிஐ ஆப்களும் சில வங்கி ஆப்களும் அந்த சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. கழற்றினால் மறுபடி சரிபார்ப்பு கேட்கும், அதற்கு அந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். அது ரோமிங் எஸ்எம்எஸ். எனவே சிம் போனிலேயே இருக்கட்டும்.

ஊர் சிம்மை இ-சிம்மாக மாற்றும் யோசனை இருந்தால் பயணத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். இந்தியாவில் சிம் மாற்றினால் மோசடியைத் தடுக்க 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்கிறார்கள்.

## 3. பேக் வாங்கும்போது நாடு, நாள், தொடக்கம் மூன்றையும் பாருங்கள்

முதலில் நாடு. நம் உதாரணத்தில் சிங்கப்பூருக்கு மட்டுமான பேக் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் அது செத்துவிடும். சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்த வட்டாரப் பேக்கை எடுப்பதுதான் சரி.

அடுத்து நாள் கணக்கு. பல பேக்குகள் காலண்டர் நாளைப் பார்ப்பதில்லை, முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரமாக எண்ணுகின்றன. வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் ஏழு நாள் பேக் அடுத்த வெள்ளி காலை 6 மணிக்கு முடிந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து உங்கள் விமானம் அன்று இரவு என்றால், டாக்ஸியும் போர்டிங் பாஸும் தேவைப்படும் அந்த நாள் முழுக்க நெட் இருக்காது. ஒரு நாள் கூடுதலாக உள்ளதை எடுங்கள்.

பிறகு, நாள் எப்போது ஓடத் தொடங்கும் என்பது. பெரும்பாலானவை அந்த நாட்டு டவரோடு முதலில் இணையும்போது தொடங்கும். சில பேக்குகளில் போனில் நிறுவிய நொடியிலிருந்தே நாள் ஓடும். வாங்கும் பக்கத்தில் இது எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

டேட்டா அளவைப் பொறுத்தவரை, வரைபடம், வாட்ஸ்அப், டாக்ஸி ஆப், கொஞ்சம் தேடல் என்றால் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 5 ஜிபி தாராளம். அதை விழுங்குவது நீங்கள் பார்க்கும் விஷயங்களைவிட உங்களுக்குத் தெரியாமல் ஏறும் படங்கள்தான். ஐபோனில் 4K, நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. பத்து நிமிடம் எடுத்து, அது தானாக கிளவுடுக்கு ஏறினால் 1.7 ஜிபி போச்சு.

வாங்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் வெளிநாட்டு இ-சிம் விற்கும் இரண்டு பெரிய ஆப்களை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை முடக்கச் சொன்னது. வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்பவர் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு நண்பர் சொன்ன ஆப் இங்கே திறக்காமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம். கடைசி இரவில் இதைக் கண்டுபிடிக்காமல், நான்கைந்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

## 4. வீட்டு வைஃபையில் நிறுவுங்கள்

இ-சிம்மை இறக்கவே நெட் வேண்டும். அதனால் நெட் இல்லாத இடத்தில் போய் நிறுவலாம் என்று வைத்திருப்பது கதவுக்குள்ளே சாவியை வைத்துப் பூட்டுவது மாதிரி. சாங்கியில் இலவச வைஃபை இருக்கிறது, ஆனால் எல்லா விமான நிலையமும் சாங்கி அல்ல.

ஐபோனில் Settings > Mobile Service > Add eSIM > Use QR Code. சாம்சங்கில் Settings > Connections > SIM manager > Add eSIM. பிக்சலில் Settings > Network & internet > SIMs போய்ப் புதிய சிம் சேர்க்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் சற்று மாறும், இடம் ஏறத்தாழ இதுதான்.

கியூஆர் குறியீடு அதே போனுக்கு மின்னஞ்சலில் வந்திருந்தால் எப்படி ஸ்கேன் செய்வது என்று திகைக்க வேண்டாம். மடிக்கணினியில் மின்னஞ்சலைத் திறந்து காட்டலாம். ஐஓஎஸ் 17.4 முதல் படத்தின் மேல் அழுத்திப் பிடித்தாலே Add eSIM வரும். இரண்டும் முடியாவிட்டால் கையால் அடிக்கலாம். விற்பவர் தரும் எழுத்துச் சரம் இப்படி இருக்கும்:

```
LPA:1$SM-DP+ முகவரி$செயலாக்கக் குறியீடு
```

முதல் `$` குறிக்கும் இரண்டாவது `$` குறிக்கும் நடுவில் இருப்பது SM-DP+ Address, அதன் பிறகு இருப்பது Activation Code. போன் இரண்டையும் தனித்தனியே கேட்கும்.

நிறுவும்போது இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். நடுவில் திரையை மூடாதீர்கள். முடிந்ததும் No Service என்று காட்டினால் அது பிழையல்ல. சிங்கப்பூர் பேக்குக்குச் சென்னையில் டவர் இருக்காது. இதைப் பார்த்துப் பதறி இ-சிம்மை அழித்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பெரும்பாலான கியூஆர் குறியீடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அழித்தால் விற்பவரிடம் கெஞ்ச வேண்டும், இல்லை புதிதாக வாங்க வேண்டும்.

## 5. போன் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான பதில்

நிறுவியதும் ஐபோன் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். அவசரத்தில் Continue அழுத்திக்கொண்டே போகக் கூடாது.

பெயர் கேட்டால் பழையதற்கு ‘ஊர்’, புதியதற்கு ‘பயணம்’ என்று வையுங்கள். Primary, Secondary என்று விட்டால் அவசரத்தில் எந்த சிம்மின் சுவிட்ச் எது என்று தெரியாது. பின்வரும் எல்லாப் படிகளும் இந்தப் பெயரை நம்பித்தான் இருக்கின்றன.

அழைப்புக்கான இயல்பான எண் ‘ஊர்’. பயண இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், அதில் அழைப்பு எண் இருக்காது. iMessage, FaceTime எண்ணும் ‘ஊர்’ ஆகவே இருக்கட்டும். இந்த எண்ணை மாற்றினாலோ, அணைத்துப் போட்டாலோ போன் சத்தமில்லாமல் ஒரு சர்வதேச எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு செய்துகொள்ளும். அது பில்லில் தெரியும், உங்கள் மெசேஜ் பட்டியலில் தெரியாது.

மொபைல் டேட்டா எதில் என்று கேட்டால் இப்போதைக்கு ‘ஊர்’. இன்னும் நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். வாட்ஸ்அப் எண்ணை மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் ஊர் எண்ணிலேயே பயண டேட்டாவில் ஓடும்.

## 6. ஊர் சிம்மின் கதவுகளை அடையுங்கள்

பில்லைத் தடுப்பது இந்தப் படிதான். இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டையும் அடைக்க வேண்டும்.

முதல் கதவு டேட்டா ரோமிங். ஐபோனில் Settings > Mobile Service > ஊர் > Data Roaming, அணையுங்கள். பிக்சலில் SIMs பட்டியலில் ஊர் சிம்மைத் தொட்டு Roaming. சாம்சங்கில் Settings > Connections > Mobile networks, அங்கே எந்த சிம்முக்கான சுவிட்ச் என்று பார்த்து அணையுங்கள்.

இரண்டாவது கதவு தானாக சிம் மாறும் வசதி. ஐபோனில் Mobile Service > Mobile Data பக்கத்தில் Allow Mobile Data Switching என்று இருக்கும். சாம்சங்கில் SIM manager பக்கத்தில் Auto data switching. பயணச் சிம்மில் சிக்னல் குறைந்தாலோ, ஊர் எண்ணில் அழைப்பில் இருக்கும்போதோ டேட்டாவை அடுத்த சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் உதவி இது. ஊரில் நல்லது. வெளிநாட்டில் இதுவும் போட்டு, ஊர் சிம்மின் ரோமிங்கும் திறந்திருந்தால், நீங்கள் ‘பயணம்’ என்று தேர்ந்தெடுத்திருந்தும் மெட்ரோ சுரங்கத்தில் டேட்டா ஊர் சிம்முக்குத் தாவும். ‘நான் பயண இ-சிம்தானே போட்டிருந்தேன், பில் எப்படி வந்தது?’ என்பவர்களின் போனை வாங்கி முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்கு. பேக் இல்லாத ரோமிங் டேட்டா எம்பி கணக்கில் விற்கப்படும். எம்பிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு சொன்ன ஒரு நிமிட 4K வீடியோ பின்னணியில் ஏறினால் 170 × 5 = 850 ரூபாய். ப்ரீபெய்டில் இருப்புத் தொகை தீர்ந்ததும் நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர் இந்தப் படியை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

பயண டேட்டாவைக் காக்க, புகைப்படக் காப்பையும் ஆப் புதுப்பிப்பையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். ஐபோனில் பயணச் சிம்முக்கு Low Data Mode போட்டால் இதில் பெரும்பகுதி தானாக நடந்துவிடும்.

## 7. விமானம் ஏறும் முன், கேட்டில் உட்கார்ந்தபடி

மொபைல் டேட்டாவை ‘பயணம்’ என்று மாற்றுங்கள். பயணச் சிம்மின் Data Roaming சுவிட்சைப் போடுங்கள். பிறகு ஏர்பிளேன் மோட்.

பயணச் சிம்மில் ரோமிங்கை ஏன் போட வேண்டும் என்று சந்தேகம் வரும். பயண இ-சிம்கள் பல உண்மையில் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்கள். சிங்கப்பூரில் அவையும் உங்களைப் போல விருந்தாளிதான், சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்ற உள்ளூர் டவரில் ரோமிங்கில்தான் ஓடும். சுவிட்ச் அணைந்திருந்தால் சிக்னல் கம்பிகள் நிறைந்திருக்கும், டேட்டா வராது. முன்பணம் கட்டிய பேக் என்பதால் இதில் பில் வராது, அளவு தீர்ந்தால் நின்றுவிடும்.

இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றால், ஏர்பிளேன் மோடில் சில போன்களில் சிம் பக்கம் மங்கிவிடும், தொட முடியாது. மோடை எடுத்த பிறகு மாற்றலாம் என்றால் அதற்குள் போன் பழைய அமைப்பில் டவரைப் பிடித்துவிடும். ஒரே விதிவிலக்கு, உங்கள் பேக் இந்தியாவையும் சேர்த்த உலகப் பேக் என்றால் கேட்டிலேயே நாள் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு மட்டும் இறங்கியபின் மாற்றுங்கள். 6-ஆம் படியை முடித்திருந்தால் அந்த இடைவெளியில் ஊர் சிம் டேட்டாவைத் தொடாது.

## 8. இறங்கியதும்

ஏர்பிளேன் மோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முதல் பதிவுக்கு நேரம் பிடிக்கும். சிக்னலுக்குப் பக்கத்தில் R என்று வந்தால் பயப்பட வேண்டாம், பயணச் சிம்மும் ரோமிங்தான் என்று பார்த்தோமே.

டேட்டா வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. மொபைல் டேட்டா ‘பயணம்’ சிம்மில் இருக்கிறதா?
2. அந்த சிம்மில் Data Roaming போட்டிருக்கிறதா? பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.
3. APN சரியா? விற்பவரின் மின்னஞ்சலில் இருக்கும் ஒரு சொல்தான் அது. ஐபோனில் பயணச் சிம்மின் Mobile Data Network பக்கத்தில், ஆண்ட்ராய்டில் Access Point Names பக்கத்தில் எழுத்துப் பிசகாமல் அடியுங்கள்.
4. Network Selection பக்கத்தில் Automatic-ஐ அணைத்து, மின்னஞ்சலில் சொன்ன உள்ளூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.
5. போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இதில் எங்கேயும் ‘ஊர் சிம்மின் ரோமிங்கைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கலாம்’ என்ற படி இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஒரு நாளாகத் தேங்கிய மின்னஞ்சலும் படங்களும் மொத்தமாக இறங்கும். அவசரம் என்றால் விமான நிலைய வைஃபையைப் பிடியுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஊர் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து ரோமிங் டேட்டா பூஜ்யம்தானா என்று பாருங்கள். போனின் Current Period Roaming எண்ணை நம்ப வேண்டாம், பயணச் சிம்மின் செலவும் அதில்தான் ஏறும்.

## 9. எல்லையும் கடலும்

டவருக்கு எல்லைக்கோடு தெரியாது. தனுஷ்கோடியில் நிற்பவருக்கு இலங்கை நெட்வொர்க் வரவேற்பு எஸ்எம்எஸ் அனுப்புவது நமக்குத் தெரிந்ததே. சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸிலும் அப்படித்தான், பாலத்துக்கு இந்தப் பக்கமே மலேசிய டவர் பிடிக்கலாம். வட்டாரப் பேக் என்றால் கவலையில்லை. சிங்கப்பூர் பேக் மட்டும் வைத்திருப்பவருக்கு டேட்டா விட்டு விட்டு வரும், அப்போது 4-ஆவது சோதனையில் சொன்னபடி சிங்கப்பூர் நிறுவனத்தைக் கையால் பிடித்து வைக்கலாம். பாலத்தைக் கடந்ததும் Automatic-ஐ மறுபடி போட மறக்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறீர்கள் என்றால் கரை மறைந்ததும் ஏர்பிளேன் மோட் போட்டுவிடுங்கள். சில கப்பல்களிலும் விமானங்களிலும் செயற்கைக்கோள் வழி இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. ஊர் சிம் அதையும் ஒரு டவராகவே பிடிக்கும், கட்டணம் நாட்டு ரோமிங்கைவிடப் பல மடங்கு. உங்கள் ரோமிங் பேக்கில் அந்த நாடு இருந்தாலும் கடல் நெட்வொர்க் பெரும்பாலும் அதில் சேராது.

## 10. திரும்பியதும்

மொபைல் டேட்டாவை ‘ஊர்’ சிம்முக்கு மாற்றுங்கள். சென்னையில் இறங்கி, சிக்னல் இருந்தும் நெட் வரவில்லை என்று ஊர் நிறுவனத்தோடு சண்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றை மறந்தவர்கள். பிறகு பயணச் சிம்மை அணையுங்கள். ஊர் சிம்மின் டேட்டா ரோமிங் அணைந்தபடியே இருக்கட்டும்.

கால் ஃபார்வர்டிங் தேவையென்றால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மீதி டேட்டாவோ ரீசார்ஜ் வசதியோ இருந்தால் பயண இ-சிம்மை அழிக்காமல் அணைத்து மட்டும் வைக்கலாம், அடுத்த முறை கியூஆர் வேலை மிச்சம். மாதக் கடைசியில் போஸ்ட்பெய்டு பில் வரும்போது இன்டர்நேஷனல் ரோமிங் பகுதியை மட்டும் தனியாகப் பாருங்கள். எஸ்எம்எஸ், அழைப்பு, டேட்டா மூன்றும் தனித்தனி வரியில் இருக்கும். டேட்டா வரியில் தொகை இருந்தால் 6-ஆம் படியின் முதல் கதவு திறந்திருந்தது என்று பொருள், நேரத்தையும் தேதியையும் உங்கள் பயணத்தோடு ஒப்பிடுங்கள். இறங்கிய நிமிடம் என்றால் 7-ஆம் படியிலும் பிசகு, நடுப் பயணத்தில் துண்டு துண்டாக என்றால் இரண்டாவது கதவும் திறந்திருந்தது.